முதல் ஓடர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதும் மடல்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையிலிருந்து: ரொறன்ரோவில் ஒரு மொத்த வியாபாரிக்கு வறுத்த மிளகாய்த்தூள் 20 பெட்டி விமானத்தில் அனுப்பினோம். முதல் ஓடர். சாமான் கிடைச்சிட்டுது, மூன்று பை பிரிஞ்சிருக்கு எண்டு போனில் சொன்னார். நன்றி மடலை எப்ப அனுப்ப, என்ன எழுத? அவரோட எல்லாம் தமிழில்தான்.

சாமான் அவருடைய களஞ்சியத்துக்குள் போய் இரண்டு மூன்று வேலை நாள் கழித்து அனுப்புங்கள். அதற்கு முன் எழுதினால் பெட்டியே திறந்திருக்காது, "கிடைத்தது, நன்றி" என்று ஒரு வரி வரும், கதை அதோடு முடியும். ஒரு கிழமைக்கு மேல் விட்டால் பிரிந்த பைகளைப் பற்றி அவர் முந்திக்கொண்டு எழுதுவார். பிறகு உங்கள் மடல் நன்றி மடலாக இராது, சமாதான மடலாகிவிடும்.

மாதிரிக்கு ஒன்று:

> பொருள்: EXP-017 – மிளகாய்த்தூள் 20 பெட்டி – நன்றியும் பொங்கல் ஓடரும்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். எங்களை நம்பி முதல் ஓடரைத் தந்ததற்கும், முற்பணத்தைச் சொன்ன நாளிலேயே அனுப்பியதற்கும் நன்றி.
>
> ஒரு பெட்டியில் 3 பைகள் பிரிந்திருந்ததாகச் சொன்னீர்கள். மூட்டும் இடத்தில் தூள் ஒட்டியிருந்ததே காரணம். இனி மூட்டுமுன் பையின் வாயைத் துடைத்து, 10 மில்லிமீற்றர் அகலத்தில் மூட்டுவோம். அந்த 3 பைகளின் விலையை அடுத்த இன்வொய்ஸில் கழித்துவிடுகிறோம்.
>
> இரண்டு விடயம் அறிய விரும்புகிறோம். 500 கிராம் பை உங்கள் கடைகளுக்குப் பொருத்தமா, 250 கிராமும் வேண்டுமா? லேபலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்தனவா?
>
> பொங்கலுக்கான சரக்கு டிசம்பர் 20க்குள் உங்களிடம் இருக்க வேண்டுமானால், ஓடரும் முற்பணமும் அக்டோபர் 10க்குள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும். 60 பெட்டிக்கான கப்பல் விலையை இத்துடன் இணைத்துள்ளோம். அது அக்டோபர் 10 வரை செல்லுபடியாகும்.
>
> நன்றியுடன்,

இதில் கவனிக்க வேண்டியது அந்த அக்டோபர் 10. "விரைவில் அடுத்த ஓடரை எதிர்பார்க்கிறோம்" என்று எழுதினால் அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. கடைகளுக்குப் பிரித்துக் கொடுக்க அவருக்கு மூன்று கிழமையாவது வேண்டும், அதுதான் டிசம்பர் 20. அங்கே இறக்கிச் சுங்கம் முடிக்க 7 நாள், கடலில் 45 நாள் என்று பின்னோக்கிக் கழித்தால் கப்பல் அக்டோபர் 29இல் கிளம்ப வேண்டும். பகிர்ந்த கொள்கலனுக்குச் சரக்கை 5 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், வறுத்து அரைத்துப் பொதி செய்ய 14 நாள். இந்த 45 நாளை உங்கள் கப்பல் முகவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். இடையில் கப்பல் மாற்றினால் கூடும்.

கேள்வி இரண்டுக்கு மேல் வேண்டாம். ஐந்து கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது.

புறக்கோட்டையிலிருந்து: கப்பல் சரக்குச் சீட்டான பி.எல். கைக்கு வந்த அன்றே நன்றி மடல் அனுப்பிவிட வேண்டும், அதுதான் வழக்கம். பிந்தினால் மறந்துவிடுவார்கள்.

அன்றைக்கு ஒரு மடல் போகத்தான் வேண்டும், ஆனால் அது ஆவண மடல்: இன்வொய்ஸ், பொதிப் பட்டியல், போக்குவரத்து ஆவணம், வந்துசேரும் திகதி. விமானச் சரக்கென்றால் பி.எல். இல்லை, எயார்வே பில். அதில் நன்றியையும் அடுத்த ஓடரையும் சேர்த்தால், அவருடைய கிளார்க் இணைப்புகளைச் சுங்க முகவருக்குத் தள்ளிவிட்டு மடலை மூடிவிடுவார். முதலாளி கண்ணில் படாது. இரண்டு மடலிலும் பொருள் வரி ஒரே இலக்கத்தில் தொடங்கட்டும், தேடினால் ஒன்றாக வரும்.

வெள்ளவத்தையிலிருந்து: விமான விலையை வைத்துத்தான் அடுத்த ஓடருக்கும் பேரம் பேசுவார். கப்பல் விலையை எப்படிக் காட்டுவது? இன்னொன்று, விமானச் சரக்குக்குக் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலையை சி.ஐ.எப். என்று பலர் எழுதுகிறார்கள், அது கடல்வழிக்கு மட்டும் உரியது.

சரியாகச் சொன்னீர்கள். விமானத்துக்குக் காப்புறுதியோடு கொடுத்தால் சி.ஐ.பி.

விலையில் தூளையும் கூலியையும் பிரித்துக் காட்டுங்கள். பெட்டி 40×30×30 சென்ரிமீற்றர், 500 கிராம் பை 24, மொத்த எடை 13 கிலோ என்று வைப்போம். விமானத்தில் கன அளவுக்கான எடை 6 கிலோதான் வருகிறது, அதனால் உண்மை எடையான 13 கிலோவுக்கே கூலி. பகிர்ந்த கொள்கலனில் கனமீற்றர், தொன் இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் கூலி. 60 பெட்டி 2.16 கனமீற்றர், 780 கிலோ. ஆகவே 2.16க்குப் பணம் கட்டுகிறீர்கள். பெட்டிக்குள் வெற்றிடம் விட்டால் அதற்கும் கூலி போகும் என்பது இங்கேதான் தெரியும்.

ரொறன்ரோவில் இறக்கும் கட்டணம் யார் தலையில் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். சின்னச் சரக்குக்கு அது கப்பல் கூலியையே மிஞ்சலாம். எழுதாமல் விட்டால் மலிவு என்று நம்பியவர் பிறகு உங்களைத்தான் திட்டுவார்.

தெஹிவளையிலிருந்து: எங்கட ஆள் பாரிசில. மிச்சக் காசில 35 டொலர் குறைய வந்திருக்கு. நன்றி மடலிலயே கேட்கலாமோ?

வேண்டாம். பெரும்பாலும் நடுவில் நின்ற வங்கி எடுத்திருக்கும். உங்கள் வங்கியில் பணம் வந்த SWIFT செய்தியின் நகலைக் கேளுங்கள், முன்பு அது MT103, 2025 நவம்பரிலிருந்து pacs.008. Instructed Amount அவர் அனுப்பச் சொன்ன தொகை, Interbank Settlement Amount வங்கிகளுக்கிடையே கைமாறிய தொகை, Charges Information வழியில் கழித்த கட்டணம். Instructed Amountஇல் முழுத் தொகையும் இருந்தால் அவர் மீது பிழை இல்லை. Charge Bearerஇல் SHAR என்று இருந்தால் கட்டணம் இரு பக்கமும் பிரிந்திருக்கிறது. அடுத்த இன்வொய்ஸின் கட்டண நிபந்தனையில் OUR, அதாவது வங்கிக் கட்டணம் முழுவதும் அனுப்புபவர் பக்கம், என்று போடுங்கள், போதும். Instructed Amountஇலேயே குறைந்திருந்தால் தனி மடலில் நகலோடு கேளுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: பாமினியில் அடிச்சு ஒட்டி அனுப்பினன். என்ன எழுதியிருக்கிறீங்கள் எண்டு கேட்டு மறுமடல் வந்திருக்கு.

அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் உங்கள் வணக்கம் `tzf;fk;` என்று தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றித் திருப்பி அனுப்புங்கள். மாற்றியபின் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எழுத்துகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள், மாற்றிகள் பிழை விடுவது அங்கேதான். முதலில் உங்கள் போனுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள்.

மீண்டும் கொட்டாஞ்சேனை: மடல் போய்ப் பதிலும் வந்திட்டுது. 60 பெட்டி எடுக்கிறாராம், ஆனால் 30 நாள் கடன் வேணுமாம். குடுக்கலாமா?

நான் கொடுக்க மாட்டேன். கப்பல் 45 நாள், இறக்கிச் சுங்கம் முடிக்க 7 நாள், கையில் கிடைத்தபின் 30 நாள் என்றால் உங்கள் காசு 82 நாள் வெளியே நிற்கும். 30 வீதம் முற்பணம், மீதி பி.எல். நகல் கண்டவுடன் என்று எழுதுங்கள். மூன்றாவது ஓடரில் கடன் பேசலாம்.

வெள்ளவத்தையிலிருந்து: அப்படிச் சொன்னால் சென்னைக்காரரிடம் போய்விடுவார். 50 வீதம் முன்னால் வாங்கிக்கொண்டு மீதிக்கு 30 நாள் கொடுப்பதில் என்ன பிழை?

50 வீதம் உங்கள் அடக்கவிலையை மூடுமானால் பிழையில்லை. மிளகாய் விலை ஏறியிருக்கும் மாதத்தில் அது மூடுமா என்பதைக் கொட்டாஞ்சேனைக்காரர்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.