லோகோ வேண்டாம், முதலில் ஒரு டிஸ்சார்ஜ்

கேள்வி: எங்கள் ஒன்றியத்தில் மகளிர் குழுக் கூட்டமைப்பில் வேலை பார்க்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பாதி வீடுகளில் இருக்கிறது. ஆனாலும் ஆபரேஷன் என்று வந்தால் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். புதிதாக ஒரு சின்னம், பெயர், சுவர் விளம்பரம் எல்லாம் செய்ய ஐம்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. எப்படிச் செய்தால் மக்கள் நம்பிப் பயன்படுத்துவார்கள்?

பதில்: புதுச் சின்னம் போடாதீர்கள். இந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே முகங்கள் அதிகம். 2009இல் கலைஞர் பெயரில் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. ஒரே பீரோவில் இரண்டு மூன்று அட்டைகள் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். எது செல்லும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படத்துல இருக்கறவரு இப்ப ஆட்சியில இல்லியே, கார்டு ஓடுமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதில் உங்கள் கூட்டமைப்பும் ஒரு சின்னத்தைக் கொண்டுவந்தால் அவருக்குக் குழப்பம் கூடத்தான் செய்யும். சுவரில் எந்தத் தலைவர் படமும் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

பெயரை நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, ஊரே வைத்திருக்கும். கையில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் ஜனங்கள் பெயர் வைப்பார்கள். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்று வயலில் யார் சொன்னார்கள்? நூறு நாள் வேலை, அவ்வளவுதான். மகளிர் இலவசப் பயணம் 2021 மே மாதம் வந்தது. சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான் செல்லும். ஆனால் தூரத்தில் வரும் வண்டி எந்த வகை என்று நிறுத்தத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? 2022 ஆகஸ்டில் சென்னையில் அந்த வண்டிகளின் முன்பக்கமும் பின்பக்கமும் பிங்க் அடித்தார்கள். பெயரும் பிங்க் பஸ் ஆகிவிட்டது. “இதில் நான் ஏறலாமா?” என்ற ஒரே கேள்விக்கு அந்த வண்ணம் பதில் சொன்னது. உங்கள் சுவரும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்.

ஆகவே நாலைந்து குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து, “ஆபரேஷனுக்கு கவர்ன்மென்ட் குடுக்கிற கார்டை என்னன்னு சொல்லுவீங்க?” என்று கேளுங்கள். அதிகம் பேர் சொல்கிற சொல்லைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். அதிகாரப்பூர்வப் பெயரைக் கீழே சிறிதாகப் போடுங்கள், ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அதைச் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது வாக்குறுதி. பலரும் சறுக்குவது இங்கேதான். “5 லட்சம் வரை இலவச சிகிச்சை” என்று எழுதினால் பொய்யில்லை. ஆனால் அது ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டுக்கான உச்சவரம்பு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு மட்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை உண்டு. இது தெரியாமல் ஒரு பெண் காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனைக்குப் போய் அட்டையை நீட்டுவார். “இதுக்கெல்லாம் வராதும்மா” என்பார்கள். அன்று சாயங்காலமே “கார்டு செல்லாது” என்ற பேச்சு தெருவுக்கு வந்துவிடும். அதை அழிக்க எந்தப் பெயின்டாலும் முடியாது. எதற்குக் கிடையாது என்பதையும் சுவரிலேயே எழுதிவிடுங்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“ஆபரேஷன்னு சொன்னாங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி காப்பீட்டுக் கார்டைக் காட்டுங்க. காய்ச்சல், சளிக்கு வெளியில மாத்திரை வாங்க இது உதவாது. சந்தேகமா? 1800 425 3993.”

இதில் உயிரான சொல் “முன்னாடி”. சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுத் தரப்பின் ஒப்புதலை மருத்துவமனை வாங்க வேண்டும். அட்வான்ஸ் கட்டிச் சேர்ந்தபின் அட்டையை எடுத்தால் பெரும்பாலும் இழுபறிதான். சுவர்களை மெயின் ரோட்டில் தேடாதீர்கள். ரேஷன் கடை, துணை சுகாதார நிலையம், முடிந்தால் அடகுக்கடைக்கு எதிர்ச்சுவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முடிவு எடுக்கப்படும் இடம் அது.

ஆனால் பெயின்டுக்கு முன்னால் அட்டை வேலை செய்கிறதா என்று பாருங்கள். மகளிர் உரிமைத் தொகையை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்குவதற்கு முன்பு கணக்குகளுக்கு ஒரு ரூபாய் போட்டுச் சோதித்தார்கள், நினைவிருக்கிறதா? கணக்கு சரிதானா என்று அரசுக்குத் தெரிந்தது. பணம் நிஜமாகவே வரும் என்று வீட்டுக்காரம்மாவுக்கும் தெரிந்தது. உங்கள் ஒரு ரூபாய், குழுக் கூட்டத்தில் செய்யும் அட்டைச் சரிபார்ப்பு. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் இருக்காது. தனிக்குடித்தனம் போனவர்களின் ரேஷன் கார்டு மாறியிருக்கும். பெயர் எழுத்து ஒன்றுக்கொன்று ஒத்துவராது. உதாரணத்துக்கு, ஓர் ஊராட்சியில் 150 வீடு பார்த்து 30 அட்டையில் கோளாறு என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற வி.ஏ.ஓ. சான்றோடு அந்த 30 வீட்டாரையும் இரண்டு நடை வேனில் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்கள். நிதியில் பெரும்பகுதி இந்த வேன் வாடகைக்குப் போனாலும் நஷ்டமில்லை.

அப்புறம் ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கும் ஓர் அம்மாவைத் தேடிப் பிடியுங்கள். ஒரே ஒருவர் போதும். அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்பதோடு, அந்தச் சிகிச்சைக்கும் இருக்கிறதா என்று சுவரில் எழுதப்போகும் அந்த 1800 எண்ணில் கேளுங்கள். எலும்புக்குப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி சிறுநீரகத்துக்கு இல்லாமல் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதே அட்டை செல்லும். குழுவிலிருந்து ஒருவர் கூடவே போகட்டும், கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். யார், எதற்கு, எவ்வளவு பணம் கேட்டார்கள், ரசீது உண்டா என்று எழுதிக்கொண்டே வரட்டும். கேட்ட இடத்திலிருந்தே போன் போட வேண்டும், வீட்டுக்கு வந்தபின் அல்ல.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் நாங்கள் அனுப்பிய ஒரு குடும்பத்திடம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேனுக்கு என்று 4,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஆபரேஷன் இலவசமாகத்தான் நடந்தது. ஆனால் ஊர் பேசியது அந்த நாலாயிரத்தைப் பற்றி மட்டும். கூட ஆள் அனுப்பாதது எங்கள் தப்பு. அந்தத் தெருவில் அப்புறம் ஒரு வருடம் யாரும் அட்டையை வெளியே எடுக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய அந்த அம்மா பில் கட்டாமல் திரும்பினால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரட்டும். அவரே பேசட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். சுவர் எழுதும் வேலையை அந்த வாரம் ஆரம்பியுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, எத்தனை அட்டை கொடுத்தோம் என்று எண்ண வேண்டாம். உங்கள் குழுக்களின் கடன் பதிவேட்டில் என்ன காரணத்துக்குக் கடன் என்று எழுதியிருக்கும். “மருத்துவச் செலவு” என்று உள்ளவற்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தனியே எடுத்து, ஆபரேஷனுக்கு வாங்கியது எத்தனை என்று விசாரியுங்கள். மாத்திரைக்கும் பஸ் செலவுக்கும் வாங்கும் சின்னக் கடன்கள் தொடரத்தான் செய்யும். ஆபரேஷன் கடன் எழுதப்பட்டிருந்தால், அந்த வீட்டுக்கு அதே வாரம் போய், அட்டையை எந்தக் கவுன்டரில் காட்டினார்கள், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள்.