அச்சகக்காரருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,
எங்கள் சிறிய பதிப்பகத்துக்கு 12 ஆண்டுகளாக ஒரே அச்சகம்தான். தரம் குறைந்துவிட்டதால் மாறப்போகிறோம். 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது ஒப்பந்தம். காரணங்களை விளக்கி, அவர் மனம் நோகாமல் எப்படி எழுதுவது? விடைபெறும்போது பரிசு ஏதாவது தரலாமா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

பரிசு உங்கள் இஷ்டம். காரணங்களை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் சிற்றிதழ் நடத்தியவன். என் அச்சகக்காரருக்கு மூன்று பக்கம் எழுதினேன். மை ஈசியது, ஃபாரம் மாறிக் கோர்த்தது, அட்டை வளைந்தது எல்லாம் அதில் இருந்தது. நேர்மையாக இருக்கிறேன் என்று நினைப்பு. அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார்: மை ஈசியது என் மலிவுக் காகிதத்தால், ஃபாரம் மாறியது நான் கடைசி நேரத்தில் பக்கம் சேர்த்ததால். பாதி உண்மை. விலகல் கடிதம் வழக்குக் கட்டாகிவிட்டது.

காரணம் சொல்லாமலே விலகலாம் என்று உங்கள் ஒப்பந்தம் இடம் தருகிறதா, முதலில் பாருங்கள். தந்தால் குறை எழுதுவது வீண்வம்பு. குறையைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் நேரில் போய், டீ குடித்துக்கொண்டே சொல்லுங்கள். கடிதம் அதற்கு மறுநாள் போகட்டும். தபாலைப் பிரித்துத்தான் அவர் விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

கடிதத்தில் இவ்வளவு போதும்: “12 ஆண்டுகளாக எங்கள் புத்தகங்களை அச்சிட்டுத் தந்தமைக்கு நன்றி. ஒப்பந்தத்தின் இன்ன பிரிவின்படி 60 நாள் முன்னறிவிப்புடன் விலகிக்கொள்கிறோம். கடைசி நாள் மே 2. கையிலுள்ள இரண்டு வேலைகளைத் தாங்களே முடித்துத் தரவும்.” மே 2 என்றால் கடிதம் மார்ச் 3 அன்று அவர் கைக்குப் போயிருக்க வேண்டும். எழுதிய தேதியிலிருந்து எண்ணித்தான் பலரும் சறுக்குகிறார்கள். நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ‘தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கிறோம்’ என்று எழுதாதீர்கள். அழைக்க மாட்டீர்கள்.

அப்புறம் பாக்கி. எவ்வளவு, எந்தத் தேதியில் தருவீர்கள் என்று அதே கடிதத்தில் எழுதுங்கள். கூலி வரும்வரை, தான் உழைத்த பொருளை நிறுத்திவைக்க 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. அச்சான ஃபாரங்களை அவர் பிடித்துவைத்தால் நியாயம் அவர் பக்கம். அச்சேறாத உங்கள் காகிதம் வேறு கதை. அதனால் அவர் கிடங்கில் உங்களுடைய காகிதம் எத்தனை ரீம், அட்டை எத்தனை என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதி வைக்கவில்லை. பாக்கியைத் தீர்த்த அன்று மாலை, காகிதம் வண்டியில் வந்தது. மேலே அவர் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: “62 ரீம். 3 ஈரம், மழையில் எங்கள் கூரை ஒழுகியது. பில்லில் கழித்திருக்கிறேன்.” பில்லைப் பார்க்காமலே பணம் கட்டியிருந்தேன். அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், கழித்திருந்தார்.