சீட்டு அட்டவணையில் கணக்கு இடிக்கிறதா?

"அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்தில் 20 பேர், மாதம் 5,000 வீதம் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு போடுகிறோம். கமிஷன் 5% என்றார்கள். இந்த மாதம் தள்ளு 25,000, நான் கட்ட வேண்டியது 4,050 என்று அட்டவணையில் இருக்கிறது. சரிதானா?"

இல்லை தம்பி, 50 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

25,000 தள்ளிச் சீட்டு எடுத்தவர் கைக்கு 75,000 போகும். அந்தத் தள்ளுத் தொகையில் கமிஷன் 5,000 கழித்தால் மீதி 20,000. அது 20 பேருக்கும், சீட்டு எடுத்தவரையும் சேர்த்துத்தான், ஆளுக்கு 1,000 வரும். ஆக நீங்கள் கட்ட வேண்டியது 4,000.

அட்டவணையில் எந்த மாத வரியையும் இப்படிச் சோதிக்கலாம்: எல்லோரும் கட்டிய மொத்தம், எடுத்தவர் பெற்றதும் கமிஷனும் சேர்ந்த தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். 4,050 வீதம் 20 பேர் கட்டினால் 81,000. போனது 80,000தான். அந்த ஆயிரம் எங்கே?

பெரும்பாலும் கமிஷனை 6% எடுத்திருப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சீட்டு நிதிச் சட்டம் கமிஷனை 7% வரை விடுகிறது. ஆனாலும் ஒப்பந்தத்தில் 5% என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் எடுக்கக் கூடாது. முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், அப்புறம் போன மாதங்களின் வரிகளையும் இதேபோல் கூட்டிப் பாருங்கள்.