லிங்க்ட்இன்னில் குடும்பப் படம், திருவிழா, அரசியல்: எதை விடுவது?

"மட்டக்களப்பில் ஒரு திட்ட வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். என் லிங்க்ட்இன்னில் எதையெல்லாம் எடுத்துவிட வேண்டும்?"

தொழில் பக்கம் என்பது வீட்டு முன்விறாந்தை மாதிரி. வருகிறவர் அங்கே இருந்து பேசிவிட்டுப் போவார், அடுப்படிக்குள் வரமாட்டார். உங்களைத் தெரியாதவர் வேலைக்காகப் பார்க்கிற இடம் என்பதால், அவர் முடிவெடுக்க உதவாததை அங்கே வைக்கத் தேவையில்லை.

பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் பள்ளிச் சீருடையும் தேதியும் தெரிந்தால் அதை எடுத்துவிடுங்கள், அது வேலைக்காக அல்ல, பிள்ளையின் பாதுகாப்புக்காக. திருவிழா அப்படியல்ல. மாமாங்கத் தீர்த்தத்தில் கும்பிட்டு நிற்கிற படம் வேண்டாம், ஆனால் அதே தீர்த்தத்தில் முதலுதவிக் குழுவை நீங்கள் ஒழுங்குபடுத்தியிருந்தால் அது அனுபவம், தாராளமாகப் போடலாம்.

அரசியலில்தான் பலர் வழுக்குகிறார்கள். என் நண்பர் ஒருவர் எதுவுமே எழுதியதில்லை, தேர்தல் நேரம் ஒரு காரசாரமான பதிவுக்கு லைக் மட்டும் போட்டார், நேர்முகத்தில் அதைத்தான் கேட்டார்கள். தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று மூவரும் இருக்கிற அலுவலகத்தில் அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். உங்கள் பக்கத்தில் Activity பகுதியைத் திறந்து Reactions பாருங்கள், பழைய லைக் எல்லாம் அங்கே கிடக்கும், லைக்கைத் திரும்ப எடுத்தால் அங்கிருந்தும் போய்விடும். அரச உத்தியோகம் என்றால் தாபன விதிக்கோவையின் 32ஆம் அத்தியாயத்தையும் வாசியுங்கள், பதவியைப் பொறுத்து அரசியல் உரிமை மாறும்.

அப்புறம், "நான் எழுதவில்லை, லைக்தானே" என்று நினைக்காதீர்கள், அந்த லைக் உங்கள் பெயரோடு மற்றவர்களின் திரையிலும் போய் நிற்கலாம்.