நாற்காலி நிறைகிறது, கல்லா நிறையவில்லையே?

"ஈரோட்டில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். நான்கு நாற்காலி, மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். வாடகை 18,000, ஆளுக்குச் சம்பளம் 11,000, அதோடு பில்லில் 10 சதவீதம் கமிஷன். சனி, ஞாயிறு உட்கார இடமில்லை. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கமிஷனைக் குறைக்கலாமா? அப்பாயின்ட்மென்ட் போட்டுவிட்டு வராதவர்களை என்ன செய்வது?"

கமிஷனில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். முதலில் அப்பாயின்ட்மென்ட் நோட்டை எடுங்கள்.

நீங்கள் விற்பது நாற்காலியை அல்ல, அந்த மூன்று பேரின் கை நேரத்தை. மூன்று பேர், நாளைக்கு 8 மணி நேரம், 26 நாள் என்றால் மாதம் 624 மணி நேரம். வாடகை, சம்பளம், கரன்ட் பில், இதர செலவு எல்லாம் சேர்த்து 62,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய். ஆனால் நோட்டில் கூட்டிப் பார்த்தால் உண்மையில் வேலை நடந்தது 312 மணி நேரம்தான் என்று வந்தால், அந்த 100 இரட்டிப்பாகி 200 ஆகிவிடும். சனிக்கிழமைக் கூட்டம் கண்ணில் நிற்கும். புதன்கிழமை மதியம் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று பேர் கண்ணில் படமாட்டார்கள். பல பார்லர்களில் பணம் போகிற வழி அதுதான்.

அப்படியானால் நான்காவது நாற்காலி எதற்கு? ரூட் டச்சப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். டை தடவ 25 நிமிடம், ஊற 35 நிமிடம், அலசி உலர்த்த 30 நிமிடம். நாற்காலிக்கு ஒன்றரை மணி நேரம் வேலை, கைக்கு 55 நிமிடம்தான். ஊறுகிற நேரத்தில் அதே பெண் பக்கத்து நாற்காலியில் இரண்டு மூன்று பேருக்கு த்ரெடிங் முடித்துவிடலாம். அதனால் நோட்டில் நாற்காலி நேரம், கை நேரம் என்று இரண்டு கட்டம் போடுங்கள். சனிக்கிழமை இன்னும் இரண்டு பேரை எடுக்க இடம் தெரியும்.

அதே டச்சப்பில்தான் பொருள் செலவும் ஒளிந்திருக்கிறது. 60 கிராம் டியூப் 300 ரூபாய், ஒரு லிட்டர் டெவலப்பர் 500 ரூபாய் என்று வையுங்கள். வேர் மட்டும் என்றால் சாதாரணமாக 30 கிராம் கலர், ஒன்றுக்கு ஒன்றரை என்ற கணக்கில் 45 மில்லி டெவலப்பர் போதும். செலவு சுமார் 173 ரூபாய். ஆனால் அளக்காமல் பிதுக்கினால் முழு டியூபும் கிண்ணத்துக்குள் போய்விடும்! கலந்த டையை எடுத்து வைக்க முடியாது, மிச்சம் சிங்க்கில்தான் போகும். முழு டியூப் என்றால் 345 ரூபாய். மாதம் 40 டச்சப் செய்தால் ஏறக்குறைய 6,900 ரூபாய் தண்ணீரோடு போகிறது. கிண்ணத்துக்கு அடியில் ஒரு சமையல் தராசு வையுங்கள். அடர்த்தியான முடிக்கு 40, 45 கிராம் ஆகட்டும், பரவாயில்லை; அளக்காமல் கலக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜிஎஸ்டியில் பதிவு செய்து 5 சதவீதம் வசூலிக்கும் பார்லராக இருந்தாலும், பொருள் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அதையும் சேர்த்தே விலை போடுங்கள்.

வராதவர்கள் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே சட்டம் வேண்டாம். புதன்கிழமை ஒருவர் வராவிட்டால் பெரிய நஷ்டமில்லை, அந்த நாற்காலி எப்படியும் காலியாகத்தான் இருந்திருக்கும். சனிக்கிழமை 900 ரூபாய் டச்சப்புக்கு வராவிட்டால், பொருளும் கமிஷனும் போக 637 ரூபாய் போச்சு. அந்த நேரத்துக்குக் கேட்ட இன்னொருவரைத் திருப்பி அனுப்பியும் இருப்பீர்கள். ஆகவே சனி, ஞாயிறுகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலைக்கு மட்டும் 200 ரூபாய் ஜிபேயில் முன்பணம் வாங்குங்கள், பில்லில் கழித்துவிடலாம். முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் சொன்னால் திருப்பிக் கொடுங்கள், அல்லது வேறு நாளுக்கு மாற்றுங்கள். வெள்ளிக்கிழமை மதியமே வாட்ஸ்அப்பில் "நாளை 11 மணிக்கு வருகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் வராதவர்களுக்கு ஒரு போன். இடமில்லை என்று சொன்னவர்களின் நம்பரை நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தால், காலியான இடத்துக்கு அவர்களைக் கூப்பிடலாம். த்ரெடிங்குக்கு முன்பணம் கேட்டால் சிரிப்பார்கள்.

அப்புறம் கமிஷன். 10 சதவீதம் அதிகமில்லை, கணக்கிடும் விதம்தான் சரியில்லை. முழு பில்லில் கொடுத்தால், பொருள் எவ்வளவு வீணானாலும் அந்தப் பெண்ணுக்கு அதே 90 ரூபாய்தான். பொருள் செலவைக் கழித்துவிட்டு 12 சதவீதம் கொடுங்கள்: 900-இல் 173 போக 727, அதில் கமிஷன் 87. கிட்டத்தட்ட அதே பணம்தான். ஆனால் ஒன்று, உண்மையில் செலவான பொருளைக் கழித்தால் சிக்கனம் பிடித்து டையைக் குறைத்துத் தடவுவார்கள், நரை திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் நிலையான ஒரு தொகையைக் கழியுங்கள். வீணாவதை மாதக் கடைசியில் டியூப்களை எண்ணிக் கண்டுபிடிக்கலாம். செவ்வாய் முதல் வியாழன் வரை செய்த வேலைக்கு 15 சதவீதம் என்று வைத்தால், தங்கள் வாடிக்கையாளரை வார நாளுக்கு வரச்சொல்லி அவர்களே பேசுவார்கள்.

முதல் மாதம் பழைய கணக்கு, புதிய கணக்கு இரண்டையும் சீட்டில் எழுதிக் காட்டி, எது அதிகமோ அதைக் கொடுத்துவிடுங்கள்.