முதல் சந்திப்புக்குப் பிறகு எத்தனை நாள் பொறுக்கலாம்?

"செயலியில் அறிமுகமான ஒருவரைச் சனிக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் சந்தித்தேன். மருத்துவமனையில் தாதியாக இருக்கிறார். நன்றாகத்தான் பேசினோம். ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நைட் ஷிப்ட் என்றார். அன்று இரவு 'வீட்டுக்கு வந்துட்டேன், தேங்க்ஸ்' என்று அனுப்பினார். 'சரி, நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று போட்டேன். இன்று செவ்வாய், ஒரு செய்தியும் இல்லை. எத்தனை நாள் கழித்துக் கேட்கலாம்?" – உட்லண்ட்ஸ் வாசகர், வயது 31

புதன்கிழமை இரவு, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அனுப்புங்கள். முதல் சந்திப்புக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் பேச்சில்லாமல் போவது சர்வ சாதாரணம். அதை வைத்து இப்போதைக்கு எதையும் கணக்குப் போட வேண்டாம்.

கடைசியாக என்ன செய்தி போனது என்று பாருங்கள். அதை அனுப்பியது நீங்கள்தான். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள். அதில் கேள்வி இல்லை, அவர் பதில் சொல்லவும் ஒன்றுமில்லை. அவர் பக்கமிருந்து பார்த்தால் சும்மா இருப்பது நீங்கள். இதுவே "அடுத்த வாரம் பார்க்கலாமா?" என்று கேட்டு, அதற்குப் பதில் வராமல் இருந்தால் கதை வேறு. அப்போது இன்னும் நான்கைந்து நாள் விட்டிருக்கச் சொல்வேன்.

அடுத்தது அவருடைய வேலை. நாள்களை எண்ணாமல், அவருக்குச் சும்மா கிடைத்த சாயங்காலங்களை எண்ணிப் பாருங்கள். இரவு வேலைக்குப் போகிறவர் ஞாயிறு பகலில் கொஞ்சம் தூங்கியிருப்பார். திங்கள் காலை வீடு வந்து தூங்கி, சாயங்காலம் மறுபடி கிளம்பியிருப்பார். இன்று காலைதான் எல்லாம் முடிந்திருக்கும். இன்று மாலை எழுந்தாலும் பாதித் தூக்கம்தான். ஆகமொத்தம், நீங்கள் கவலைப்பட்ட இந்த மூன்று நாளில் அவருக்கு ஓய்வான சாயங்காலம் ஒன்றுகூட இல்லை. அலுவலக நேர வேலை பார்ப்பவரென்றால் இரண்டு சாயங்காலம் விட்டு மூன்றாவது நாள் அனுப்பலாம். ரிசர்விஸ்ட் போயிருக்கும் ஆணுக்காகக் காத்திருக்கும் பெண்களும் இப்படியே எண்ணலாம். வெளிக்களப் பயிற்சியில் இருப்பவர் கைப்பேசியைத் தொடாமலே நாள் போய்விடும்.

என்ன எழுதுவது? "ஹாய், பிசியா?" வேண்டாம், அதற்கு "ஆமா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?" அதைவிட மோசம். உங்களைச் சமாதானப்படுத்தும் வேலையை அவர் தலையில் கட்டுகிறீர்கள். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"நைட் ஷிப்ட் முடிஞ்சு தூங்கி எழுந்தாச்சா? சனிக்கிழமை பேசினது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. இந்த ஞாயிறு சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் ஒரு நடை போகலாமா? முடியலைன்னாலும் சொல்லுங்க, பரவாயில்லை."

அவர் சொன்ன ஒரு விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது, உங்களுக்கு விருப்பம் இருக்கிறது, நாளும் இடமும் இருக்கிறது, மறுக்க வழியும் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு வரிகூட வேண்டாம்.

அனுப்பிய பிறகு வாட்ஸப்பில் டிக் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி இன்னும் அவர் கைப்பேசிக்குப் போகவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் போய்விட்டது. அது நீலமாகாததால் அவர் படிக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. படித்ததைக் காட்டும் வசதியைப் பலர் அணைத்து வைத்திருப்பார்கள், அறிவிப்பிலேயே படித்துவிடுகிறவர்களும் உண்டு. நீலமானாலும், பேருந்தில் நின்றுகொண்டு பார்த்துவிட்டு அப்புறம் பதில் போடலாம் என்று வைத்திருக்கலாம்.

பதில் வந்தால் அதில் ஒரு நாள் இருக்கிறதா என்று பாருங்கள். "இந்த ஞாயிறு டியூட்டி, செவ்வாய் ஓகேவா?" என்றால் உங்களைச் சந்திக்க அவருக்கும் ஆசை. "கொஞ்சம் பிசி, பார்ப்போம்" என்று மட்டும் வந்து, வேறு நாள் எதுவும் சொல்லாவிட்டால், பெரும்பாலும் மரியாதையாக மறுக்கிறார். "சரிங்க, நேரம் கிடைக்கும்போது சொல்லுங்க" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

பதிலே வரவில்லையா? ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் அவருடைய ஷிப்ட் ஒரு சுற்று மாறி, ஓய்வு நாளும் வந்து போயிருக்கும். அதன் பிறகும் ஒன்றும் வரவில்லை என்றால் அதுதான் பதில். இரண்டாவது நினைவூட்டல் வேண்டாம், இன்ஸ்டாகிராமில் போய்க் கேட்பதும் வேண்டாம். முக்கியமாக, தெரிந்தவர் மூலம் விசாரிக்காதீர்கள். நம்மவர் வட்டம் இங்கே ரொம்பச் சின்னது. நீங்கள் விசாரித்த விஷயம் அடுத்த கல்யாண விருந்துக்குள் அவர் அம்மா காதுக்குப் போய்விடும். பெரியவர்கள் பார்த்து ஏற்பாடு செய்த சந்திப்பாக இருந்தால் மட்டும், பேசி வைத்தவரிடமே கேட்டுவிடலாம். அங்கே அதுதான் வழக்கம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.