விமான டிக்கெட்டில் எது கட்டணம், எது வரி? கிளெய்ம் படிவத்துக்குப் பிரித்து எழுதும் முறை

கேள்வி: ஆபீஸ் வேலையாக விமானத்தில் போய் வந்தேன். டிக்கெட்டில் கட்டணம் 24,000, வரி 6,950 என்று இருந்தது. கிளெய்ம் படிவத்தில் அடிப்படைக் கட்டணம், வரி, இதர கட்டணங்கள் என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டில் அந்த எண்களைப் போட்டு, மூன்றாவதை காலியாக விட்டேன். 'வரி தவறு, கார்டில் போன தொகையோடும் ஒத்துப்போகவில்லை' என்று அக்கவுண்ட்ஸில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்டில் 32,550 போயிருக்கிறது. டிக்கெட்டில் உள்ளதைத்தானே எழுதினேன், என்ன தவறு? ரயில் டிக்கெட்டை எப்படிப் பிரிப்பது என்றும் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் எதையும் தவறாகப் படிக்கவில்லை. விமான டிக்கெட்டில் TAX என்ற தலைப்புக்குக் கீழே வரி அல்லாத பணமும் வந்து உட்கார்ந்திருக்கும். அதனால் தலைப்பை நம்பிப் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தொகையும் கடைசியில் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். விமான நிறுவனமே வைத்துக்கொள்வது ஒன்று, அது வசூலித்து அரசுக்கோ விமான நிலையத்துக்கோ கட்டுவது இன்னொன்று, டிக்கெட்டுக்கு வெளியே முன்பதிவுத் தளமும் மற்றவர்களும் வாங்குவது மூன்றாவது.

முதலில் சரியான ஆவணம் கையில் இருக்க வேண்டும். முன்பதிவுத் தளம் மின்னஞ்சலில் அனுப்பும் உறுதிச்சீட்டில் பெரும்பாலும் 'Taxes & Fees' என்று ஒரே தொகையாக எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது. விமான நிறுவனத்தின் இணையதளத்துக்குப் போய், உங்கள் முன்பதிவு எண்ணையும் குடும்பப் பெயரையும் கொடுத்து இ-டிக்கெட் ரசீதை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 13 இலக்க டிக்கெட் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். அந்த எண் இல்லாத தாள் வெறும் பயணத் திட்டம்தான், அதைக் கட்டண ஆதாரமாக வைக்காதீர்கள்.

ரசீதின் கட்டணப் பகுதி சுமாராக இப்படி இருக்கும். எண்ணுக்கு முன்னால் வரும் மூன்றெழுத்து நாணயக் குறியீட்டை விட்டுவிட்டேன். உங்கள் மொத்தத்துக்குப் பொருந்துகிற மாதிரி நானே போட்ட எண்கள் இவை. உங்கள் ரசீதில் குறியீடுகளும் தொகைகளும் வேறாக இருக்கலாம், படிக்கும் முறை மாறாது.

```
FARE     24000
TAX       3600YQ
TAX        400YR
TAX       2950XT
TOTAL    30950
XT 1650GB 1300UB
```

ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் ஒட்டியிருக்கும் இரண்டெழுத்தைத்தான் கவனிக்க வேண்டும். இவற்றில் YQ, YR இரண்டும் எந்த நாட்டின் வரியும் அல்ல. விமான நிறுவனம் தானே விதிக்கும் கூடுதல் கட்டணத்துக்கான குறியீடுகள் அவை. எரிபொருள் சர்சார்ஜ் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். டிக்கெட் அச்சாகும் முறையில் இதற்குத் தனிப் பெட்டி இல்லாததால் வரிப் பெட்டியில் போய் விழுகிறது. இந்தப் பணம் அரசுக்குப் போவதில்லை, விமான நிறுவனத்திடமே நின்றுவிடுகிறது. ஆகவே மேலே உள்ள டிக்கெட்டில் விமான நிறுவனம் பயணத்துக்காக வாங்கியது 24,000 மட்டும் இல்லை, 28,000. உங்கள் படிவத்தில் 'வரி' என்று போன 6,950-இல் 4,000 வரியே அல்ல. அக்கவுண்ட்ஸ் பிடித்தது இதைத்தான்.

அவர்கள் இதைப் பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அலுவலகம் செலுத்திய வரியில் சட்டப்படி திரும்பப் பெறக்கூடிய பகுதி ஏதாவது இருந்தால், அந்தக் கணக்கில் YQ தொகையை வரியாகக் காட்ட முடியாது. அப்புறம், பயணம் ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதும் இந்தப் பிரிப்பைப் பொறுத்தது. பறக்காத பயணத்துக்கு, பயணியின் பேரில் வசூலித்த அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் பல சமயம் திரும்பக் கேட்க முடியும், கட்டணமே திரும்பாத டிக்கெட்டாக இருந்தாலும்கூட. YQ, YR அப்படி அல்ல, விமான நிறுவனத்தின் விதி என்ன சொல்கிறதோ அதுதான்.

அடுத்து XT. இது தனி வரி அல்ல, ஒரு மூட்டை. டிக்கெட்டில் வரிகளை அச்சடிக்க இடம் குறைவு என்பதால், இடம் போதாதபோது மிச்சத்தையெல்லாம் கூட்டி XT என்று ஒரே தொகையாகப் போடுவார்கள். அதன் பிரிவு ரசீதின் கீழே, ஊர்க் குறியீடுகளும் எண்களும் இடைவெளி இல்லாமல் ஓடும் நீண்ட எழுத்து வரிசையின் கடைசியில் இருக்கும். FARE CALCULATION என்ற தலைப்பில் வரும் அந்த வரிசையைப் பலர் ஏதோ கணினிக் குப்பை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் வாலில் XT என்று தேடுங்கள். எடுத்துக்காட்டில் 1,650 GB, 1,300 UB என்று இருக்கிறது. GB என்பது பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிக்கு அந்நாட்டு அரசு விதிக்கும் வரி. UB என்பது அங்குள்ள விமான நிலையம் பயணிக்கு வாங்கும் சேவைக் கட்டணம். ஒரே மூட்டைக்குள் ஒன்று அசல் வரி, இன்னொன்று கட்டணம்.

UB போன்ற விமான நிலையக் கட்டணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்கு எல்லா அலுவலகத்துக்கும் பொதுவான விதி கிடையாது. 'வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும்' என்று ஒரே கட்டம் இருந்தால் அதில் சேர்த்துவிடலாம். உங்கள் படிவத்தில் இருப்பதுபோல 'வரி' தனியாக இருந்தால், நான் இதர கட்டணத்தில்தான் போடுவேன். அரசு விதிக்காததை வரி என்று காட்டினால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டிவரும். இதர கட்டணம் என்று காட்டினால் அந்தச் சிக்கல் இல்லை.

இனி கார்டுக் கணக்கு. டிக்கெட் 30,950, கார்டில் போனது 32,550. வித்தியாசம் 1,600. இந்தப் பணம் இ-டிக்கெட் ரசீதில் எங்கே தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது டிக்கெட்டின் பகுதியே அல்ல. வழக்கமாக இரண்டு இடத்தில் இருக்கும். இருக்கைத் தேர்வு, கூடுதல் பெட்டி போன்றவற்றுக்குப் பல விமான நிறுவனங்கள் EMD என்ற தனி ரசீது போடும். அதற்கும் டிக்கெட்டைப் போலவே 13 இலக்க எண் உண்டு, ஆனால் எண் வேறு. முன்பதிவுத் தளம் வாங்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் அந்தத் தளத்தின் பில்லில் மட்டும் இருக்கும். உங்கள் விஷயத்தில் இருக்கைக்கு 1,100, தளத்துக்கு 500 என்று வைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். அடிப்படைக் கட்டணத்தில் 28,000, அதன் பக்கத்தில் 'YQ, YR 4,000 உட்பட' என்று ஒரு குறிப்பு. வரியில் 1,650. இதர கட்டணத்தில் விமான நிலையம் 1,300, இருக்கை 1,100, தளம் 500, ஆக 2,900. மூன்றையும் கூட்டினால் 32,550. இ-டிக்கெட் ரசீது, EMD, தளத்தின் பில் மூன்றையும் சேர்த்து இணையுங்கள். அந்தப் பக்கக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். டிக்கெட்டில் 24,000 என்றும் படிவத்தில் 28,000 என்றும் பார்க்கும் அதிகாரிக்கு அதுதான் பதில். அடிப்படைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் அலுவலகமாக இருந்தால், அந்த வரம்பு YQ-வைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் சின்னத் தொகை இடித்தால் நாணயத்தைப் பாருங்கள். வேறு நாட்டிலிருந்து தொடங்கும் பயணத்தின் டிக்கெட்டில் FARE அந்த நாட்டு நாணயத்திலும், அதற்குக் கீழே EQUIV என்று நீங்கள் கட்டிய நாணயத்திலும் இருக்கும். கூட்டலுக்கு EQUIV தொகையைத்தான் எடுக்க வேண்டும். கார்டு வேறு நாணயத்தில் கழிக்கப்பட்டிருந்தால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் வரும், அதற்கு ஆதாரம் கார்டு ஸ்டேட்மென்ட் மட்டுமே. FARE இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இல்லாமல் IT அல்லது BT என்று இருந்தால், அது ஏஜென்ட் தனி விலையில் வாங்கிய டிக்கெட். கட்டணத்தை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார்கள். ஏஜென்டின் பில்லைக் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ரயில் டிக்கெட்டில் இத்தனை குறியீடுகள் இல்லை. அடிப்படைக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், வேக ரயிலுக்கான கூடுதல், உணவு என்று இருப்பதை இருக்கிறபடி எழுதலாம். தளத்தின் சேவைக் கட்டணம் இங்கேயும் பயணக் கட்டணத்தோடு சேராது. சிக்கல் வருவது 'வரி உட்பட' என்று ஒரே தொகை மட்டும் அச்சாகியிருக்கும்போதுதான். டிக்கெட் 1,050, வரி 5 சதவீதம் என்றால் பலர் 1,050-க்கு 5 சதவீதம் போட்டு 52.50 என்று எழுதிவிடுகிறார்கள். வரி போடப்பட்டது 1,050-க்கு அல்ல, அதற்கு முந்தைய தொகைக்கு. 1,050-ஐ 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள், 50 வரும். அடிப்படை 1,000, வரி 50. இதையும் டிக்கெட்டில் வரி விகிதம் அச்சாகியிருந்தால் மட்டுமே செய்யுங்கள். முன்பதிவுக் கட்டணத்துக்கோ உணவுக்கோ வேறு விகிதம் இருந்தால், தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். விகிதமே இல்லையென்றால் ஊகித்துப் பிரிக்காமல் முழுத்தொகையையும் கட்டணத்தில் போட்டு 'வரி விவரம் டிக்கெட்டில் இல்லை' என்று எழுதுங்கள்.

தேதி மாற்றிய விமான டிக்கெட்டைக் கிளெய்ம் செய்யும்போது இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். புது ரசீதில் சில வரித் தொகைகளுக்கு முன்னால் PD என்று இருக்கும். பழைய டிக்கெட்டிலேயே அது கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். மொத்தம் இருக்கும் இடத்தில், இப்போது கூடுதலாக வாங்கிய தொகை மட்டும் கடைசியில் A என்ற எழுத்தோடு வரலாம். பழைய டிக்கெட்டை ஏற்கெனவே கிளெய்ம் செய்திருந்தால், இப்போது கேட்க வேண்டியது அந்தக் கூடுதல் தொகையும், தனி ரசீதில் வந்திருந்தால் மாற்றுக் கட்டணமும் மட்டும்தான். PD போட்டவற்றையும் கூட்டினால் ஒரே வரியை இரண்டு தடவை கேட்டதாகிவிடும்.